ஒரு குத்துக்கு எது வேண்டும்: ஸ்மியரா, இம்பாக்ட் ஃபிரேமா, ஸ்கிரீன் ஷேக்கா?

கை பின்னால் போகிறது, முன்னால் வருகிறது, எதிராளியின் தலை சாய்கிறது. ஒவ்வொரு படமும் தனியாகப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஓட்டிப் பார்த்தால் மட்டும் அடி விழுந்த மாதிரி இல்லை, யாரோ கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. இரு பரிமாணச் சண்டைக் காட்சி வரைகிற எல்லோரும் இந்த இடத்துக்கு வந்து நின்றிருப்பார்கள். அப்போது கைக்குக் கிடைக்கிற மருந்துகள் மூன்று. வேகத்தை இழுத்துத் தேய்த்து வரையும் ஸ்மியர் ஃபிரேம், அடி விழும் நொடியில் திரையையே கறுப்பு வெள்ளையாக்கும் இம்பாக்ட் ஃபிரேம், காட்சி முழுவதையும் உலுக்கும் ஸ்கிரீன் ஷேக்.

பெரும்பாலும் மூன்றையும் ஒன்றாகப் போட்டுவிடுகிறோம். அல்லது செலவில்லாதது என்று ஷேக்கை மட்டும் போடுகிறோம், அதற்குப் புதிதாகப் படம் எதுவும் வரைய வேண்டாம் என்பதால். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் செய்தேன். பிறகுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. இந்த மூன்றும் ஒரே வேலையைச் செய்பவை இல்லை, ஒரே நேரத்தில் வேலை செய்பவையும் இல்லை. ஸ்மியர் அடிக்கு முன்னால் வந்து, எங்கிருந்து எவ்வளவு வேகமாக வந்தது என்று சொல்கிறது. இம்பாக்ட் ஃபிரேம் அடியின் மேலேயே உட்கார்ந்து, எப்போது, எந்தப் புள்ளியில் விழுந்தது என்று சொல்கிறது. ஷேக் அடிக்குப் பின்னால் வந்து, எவ்வளவு கனம் என்று சொல்கிறது. அதனால் எது சிறந்தது என்று கேட்பதைவிட, இந்த அடியில் இந்த மூன்றில் எது தெரியவில்லை என்று கேட்டால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.

ஒரே ஒரு குத்தை எடுத்துக்கொண்டு மூன்றையும் அதன் மேல் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் ஒன்றும் போடாமல்

விநாடிக்கு 24 ஃபிரேம், 1920-க்கு 1080 திரை. இடது பக்கம் இருப்பவன் வலது பக்கம் இருப்பவனின் கன்னத்தில் நேராக ஒரு குத்து விடுகிறான். 1 முதல் 12 வரை நிற்கும் நிலை, ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேம் வைத்து, அதாவது ட்வோஸில். 13, 14-ல் கை பின்வாங்குகிறது. 15 முதல் 18 வரை முழுவதும் பின்னால் இழுத்த நிலையில் பிடித்து வைத்திருக்கிறேன். 19-ல் கை முன்னால் கிளம்புகிறது, முஷ்டியின் நடு 620-ஆவது பிக்சலில். 21-ல் குத்து விழுந்தாயிற்று, முஷ்டியின் நடு 1180-ல். முஷ்டியின் அகலம் 110 பிக்சல்.

19 முதல் 21 வரை உள்ள இந்தப் பகுதியை ட்வோஸில் வைக்கக் கூடாது. ஒரு படத்துக்கு ஒரு ஃபிரேம், ஒன்ஸ்தான். இன்னொன்று, 21-ல் முஷ்டி கன்னத்தைத் தொடும் படத்தை நான் வரைவதே இல்லை. அந்தத் 'தொடும்' படம்தான் குத்தைக் கொல்கிறது, ஏனென்றால் கண் அதைப் பார்த்துவிட்டு 'ஓ, நின்றுவிட்டது' என்று எடுத்துக்கொள்கிறது. தொடுவதற்கு முன் ஒரு படம், அடுத்த படத்தில் கன்னம் ஏற்கெனவே உள்ளே அமுங்கி, தாடை ஒரு பக்கம் போய், தலை கொஞ்சம் நகர்ந்துவிட்டிருக்க வேண்டும். நடுவில் நடந்ததை மூளை நிரப்பிக்கொள்ளும்.

இந்த நிலையில் சத்தமில்லாமல், எந்த எஃபெக்ட்டும் இல்லாமல் ஓட்டிப் பார்க்க வேண்டும். இங்கேயே குத்து பாதியாவது விழவில்லை என்றால் கீழே வரும் மூன்றில் எதுவும் காப்பாற்றாது. பின்வாங்கும் நிலையை இன்னும் இரண்டு ஃபிரேம் பிடித்தாலோ, 19-ஆம் படத்தைத் தூக்கிவிட்டாலோ பல நேரம் அத்தோடு வேலை முடிந்துவிடுகிறது.

ஸ்மியர்: இடைவெளி எவ்வளவு என்று அளந்து பார்த்து

620-லிருந்து 1180-க்கு இரண்டு ஃபிரேமில் 560 பிக்சல். நடுவில் 20-ஆம் ஃபிரேமுக்குச் சாதாரண இன்பிட்வீன் போட்டால் முஷ்டி 900-ல் இருக்கும். படத்துக்குப் படம் 280 பிக்சல் தாவல், அதாவது முஷ்டியின் அகலத்தைப் போல் இரண்டரை மடங்கு. ஓட்டும்போது ஒரு முஷ்டி நகர்வதாகத் தெரியாது. மூன்று இடங்களில் மூன்று முஷ்டிகள் மினுக்கி மறைவதாகத்தான் தெரியும். ஸ்மியர் இருப்பது இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

நான் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. ஒரு ஃபிரேமுக்குள் பொருள் தன் அகலத்தைவிடக் குறைவாக நகர்ந்தால் ஸ்மியர் வேண்டாம். ஒரு மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை என்றால் படத்தையே கொஞ்சம் நீட்டி வரைந்தால் போதும். அதற்கு மேல் போனால்தான் முழு ஸ்மியர். மெதுவாக நகரும் கையில் ஸ்மியர் போட்டால் வேகம் கூடுவதில்லை, கை ரப்பராகிவிடுகிறது.

20-ஆம் ஃபிரேமில் வரைவது இப்படி. வால் 660-ல் தொடங்குகிறது, அதாவது 19-ல் முஷ்டியின் முன் விளிம்பு இருந்த இடத்துக்குப் பக்கத்தில். தலை 1080-ல் முடிகிறது. கன்னம் 1120-ல் இருப்பதால் இன்னும் 40 பிக்சல் காலியாக விடுகிறேன், முன்பு சொன்ன அந்த 'தொடும்' படம் வராமல் இருக்க. தலைப் பக்கம் விரல் மூட்டுகள் அடையாளம் தெரிகிற அளவுக்கு உருவத்தோடு இருக்க வேண்டும், அங்கே தடிமன் 100 பிக்சல் வைக்கலாம். பின்னால் போகப் போக 40-க்கு மெலிந்து, வாலில் வெளிக்கோடே இல்லாமல் இரண்டு மூன்று தூரிகைக் கீற்றுகளாகப் பிரிந்துவிட வேண்டும். முழு நீளத்துக்கும் ஒரே தடிமனில், சுற்றிலும் வெளிக்கோட்டோடு வரைந்தால் அது ஸ்மியராகத் தெரியாது, குழாய் மாதிரி தெரியும்.

ஸ்மியர் போகும் பாதை முக்கியம். தோளிலிருந்து வரும் கை நேர்கோட்டில் வராது, லேசான வளைவில் வரும். 19-லும் 21-லும் முழங்கை எங்கே இருக்கிறது என்று ஆனியன் ஸ்கின் போட்டுப் பார்த்து, அந்த வளைவின் மேலேயே ஸ்மியரை வைக்க வேண்டும். நேர்கோட்டில் இழுத்தால் வேகமாகத்தான் இருக்கும், ஆனால் கை உடம்பிலிருந்து கழன்று வந்த மாதிரி ஒரு உறுத்தல் இருந்துகொண்டே இருக்கும். அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு நாள் முழுவதும் ஆனது.

ஒரு ஃபிரேம், அவ்வளவுதான். 24-ல் ஒன்று என்றால் கிட்டத்தட்ட 42 மில்லி விநாடி. அதையே ட்வோஸில் வைத்தால் 83 ஆகிவிடும், கண் அதற்குள் அந்த வடிவத்தைப் படித்துவிடும். ஓட்டிப் பார்த்துவிட்டு ஸ்மியரின் வடிவத்தை உங்களால் வாயால் விவரிக்க முடிந்தால் அது தேவைக்கு மேல் நேரம் நிற்கிறது என்று அர்த்தம். 1942-லேயே அமெரிக்கக் கார்ட்டூன்களில் உடம்பு முழுவதையும் இப்படி இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த வகை நகைச்சுவைக்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் இறுக்கமான சண்டைக் காட்சியில் முகத்தையும் சேர்த்து இழுத்தால் பார்ப்பவருக்குச் சிரிப்பு வந்துவிடும். கை, கால், ஆயுதம் இவற்றோடு நிறுத்திக்கொள்வதுதான் நல்லது.

இம்பாக்ட் ஃபிரேம்: எதிர்மாறாக இருந்தால்தான் மின்னும்

இதை 21-ல் வைக்கிறேன். கன்னம் அமுங்கிய படம் 22-க்குத் தள்ளிப் போகிறது. ஆக, ஸ்மியருக்கு அடுத்ததே இம்பாக்ட்.

பலரும் செய்வது, 21-ஆம் படத்தை அப்படியே எடுத்து மென்பொருளில் நிறத்தைத் தலைகீழாக்குவது. ஏன் இது எடுபடுவதில்லை என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 0 முதல் 255 வரையுள்ள அளவில் 128 என்ற நடுத்தரச் சாம்பலைத் தலைகீழாக்கினால் 127 வரும். அதாவது ஒன்றுமே மாறாது. தோல், மரம், சுவர், மாலை வெளிச்சம் என்று நம் காட்சிகளில் பெரும்பகுதி நடுத்தர வெளிச்சம்தான். அதைத் தலைகீழாக்கினால் நிறம் நீலம் பச்சை என்று விகாரமாகுமே தவிர, வெளிச்சத்தில் அடி இருக்காது. முதலில் படத்தை இரண்டே தொனிக்குக் குறைக்க வேண்டும், சுத்தக் கறுப்பு, சுத்த வெள்ளை. பேக்ரவுண்ட் போய்விட வேண்டும். இரண்டு உருவங்களின் நிழலுருவும் அடிபட்ட புள்ளியும் மட்டும் மிஞ்சினால் போதும்.

இதைப் புதிதாகவே வரைந்துவிடுவது நல்லது, பத்துப் பதினைந்து நிமிட வேலைதான். முதலில் அடிபட்ட புள்ளியைக் குறித்துக்கொள்கிறேன். நம் குத்தில் அது 1130-க்குப் பக்கத்தில். எல்லாக் கீற்றுகளும் அங்கிருந்து புறப்பட வேண்டும், ஆனால் சம இடைவெளியில் சூரியப் படம் மாதிரி புறப்படக் கூடாது. குத்து போகும் வலது பக்கம் நீளமாக, கனமாக. பின்பக்கம் குட்டையாக, மெல்லியதாக. அந்தப் புள்ளி 20-லும் 22-லும் திரையில் அதே இடத்தில் இருக்க வேண்டும். இம்பாக்ட் படத்தை அழகாக அமைக்கிறேன் என்று அதைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவந்தால், கண் நடுவுக்கு ஓடிவிட்டுத் திரும்புவதற்குள் 22-ம் 23-ம் போய்விட்டிருக்கும். அடிபட்ட முகத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கறுப்பா வெள்ளையா என்பதைச் சுற்றியுள்ள காட்சி முடிவு செய்யட்டும். இருட்டுச் சந்தில் நடக்கும் சண்டை என்றால் வெள்ளைப் பரப்பில் கறுப்பு உருவம். பட்டப்பகல் வெளியில் நடந்தால் கறுப்புப் பரப்பில் வெள்ளை உருவம். பகல் காட்சியில் வெள்ளை இம்பாக்ட் ஃபிரேம் வைத்துவிட்டு 'ஏன் தெரியவில்லை' என்று அதை மூன்று ஃபிரேமாக நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். தெரியாமல் போனதற்குக் காரணம் நீளம் இல்லை, எதிர்மாறு இல்லாததுதான். ஒரு ஃபிரேம் உணர வைக்கும், இரண்டு ஃபிரேம் காட்டும். மூன்றாகிவிட்டால் பார்ப்பவர் அதை ஒரு ஓவியமாகப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், இது பார்ப்பவரின் உடம்பு சம்பந்தப்பட்டது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் விநாடிக்குச் சுமார் 12 முறை மாறி மாறி மின்ன, 600-க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்கள் உங்கள் பார்வையாளர்களிலும் இருக்கலாம். இணைய அணுகல் விதிகளான WCAG சொல்லும் பொது வரம்பு, எந்த ஒரு விநாடிக்குள்ளும் மூன்று மின்னலுக்கு மேல் கூடாது. வெளிச்சம் ஒருமுறை ஏறி இறங்கினால் அது ஒரு மின்னல். இருட்டுக் காட்சியிலிருந்து வெள்ளை, பிறகு கறுப்பு, பிறகு காட்சி என்று போனால் ஒன்றுதான். வெள்ளை, கறுப்பு, மறுபடி வெள்ளை என்று வைத்தால் ஒரே குத்துக்கு இரண்டு ஆகிவிட்டது. அடர் சிவப்பைத் திரை முழுக்க மின்ன விடுவதை நான் அடியோடு விட்டுவிட்டேன்.

ஸ்கிரீன் ஷேக்: மலிவுதான், ஆனால் ஓரம் வேண்டும்

ஷேக்குக்குப் படம் வரைய வேண்டாம் என்பது உண்மை. ஆனால் அதற்கான விலையை முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும், பேக்ரவுண்டின் ஓரத்தில். 24 பிக்சல் பக்கவாட்டில் ஆட வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் 24 கூடுதலாக வேண்டும், அதாவது அகலம் 2.5 சதவீதம் அதிகம். அதே 24-ஐ மேலும் கீழும் ஆட்டினால் 1080-க்கு 48 கூடுதல், கிட்டத்தட்ட 4.5 சதவீதம். சுழற்சி சேர்த்தால் இன்னும் கூடும். திரையின் நடுவை வைத்து ஒரு டிகிரி சுழற்றினாலே ஓரங்கள் சுமார் 17 பிக்சல் மேலும் கீழும் போகும். வரைந்து முடித்த பிறகு இடம் போதவில்லை என்று மொத்தப் படத்தையும் பெரிதாக்கினால் கோடுகள் மழுங்கிவிடும். அதனால் ஷேக் வரப்போகும் ஷாட்டுக்கு லேஅவுட்டிலேயே ஐந்து சதவீதம் பெரிதாக வரைந்துவிடுவது வழக்கமாகிவிட்டது.

நம் குத்தில் ஷேக் 22-ல் தொடங்குகிறது. 21-ல், இம்பாக்ட் ஃபிரேமோடு சேர்த்து ஆட்டுவதில்லை. அந்த ஒரு ஃபிரேம் அசையாமல் நின்றால்தான் கண் புள்ளியைப் பிடிக்கும். முதல் நகர்வு குத்து போகும் திசையிலேயே, முழு அளவில் இருக்க வேண்டும். பிறகு எதிர்ப்பக்கம் கொஞ்சம் குறைவாக, மறுபடி இந்தப்பக்கம் இன்னும் குறைவாக. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் எல்லா லேயரையும் ஒரு ப்ரீகாம்ப்பில் போட்டு, அதன் பொசிஷனில் இதை எழுதுகிறேன்:

```
n = Math.round(time * 24) - 21;
if (n >= 0 && n < 12) {
  a = 24 * Math.pow(0.75, n);
  value + [a * Math.cos(Math.PI * n), 0];
} else {
  value;
}
```

ஃபிரேம்களை நான் 1-லிருந்து எண்ணுவதால் 22-ஆம் ஃபிரேமுக்குள் 21 ஃபிரேம் கழிந்திருக்கும், அதனால்தான் 21. நகர்வு 24, அடுத்து எதிர்ப்பக்கம் 18, பிறகு 13.5, 10 என்று குறைந்துகொண்டே போய் அரை விநாடியில் ஒரு பிக்சலுக்கு வந்துவிடும். `cos` என்பதைக் கவனியுங்கள். முதல் தடவை இதை `sin` என்று எழுதிவிட்டு ஒரு மாலை முழுவதும் ஏன் திரை ஆடவே இல்லை என்று தேடினேன். ஃபிரேமுக்கு ஃபிரேம் பக்கம் மாறும் ஆட்டத்தில் `sin` ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாகப் பூஜ்யத்தில்தான் வந்து நிற்கும். `wiggle` போட்டால் ஆடும், ஆனால் அது தற்செயல் ஆட்டம். அடி விழுந்த ஃபிரேமில் அது எந்தப் பக்கம், எவ்வளவு போகும் என்பது உங்கள் கையில் இல்லை, தானாகக் குறையவும் செய்யாது. பூகம்பத்துக்கு அது சரி, குத்துக்குச் சரிவராது.

இன்னொரு தவறு பேக்ரவுண்டை மட்டும் ஆட்டுவது. அப்போது நிற்பவர்களின் கால் தரையில் வழுக்கும். உருவங்களும் தரையும் சேர்ந்து ஆட வேண்டும், வசன எழுத்து மட்டும் ஆடக் கூடாது.

ஷேக் கனத்தைச் சொல்கிறது என்றேன். அதனால் கனம் இல்லாத இடத்தில் போட்டால் அது பொய் சொல்லும். ஒல்லியான ஒரு பையன் விடும் முதல் குத்துக்கே திரை 24 பிக்சல் ஆடினால், பின்னால் வரும் மலை போன்ற எதிரிக்குக் கொடுக்க உங்களிடம் ஒன்றும் மிஞ்சியிருக்காது. பழைய வேலை ஒன்றில் ஏழு அடிக்கும் ஒரே அளவு ஷேக் போட்டிருந்தேன். பார்த்த நண்பர் ஒருவர், "எந்த அடியில அவன் விழுந்தான்னே தெரியலையே" என்றார். ஆறு அடிகளின் ஷேக்கை எடுத்துவிட்டு ஏழாவதை மட்டும் வைத்தேன். வேறு எதையும் தொடவில்லை, அந்த ஒன்றிலேயே விழுந்தவன் விழுந்தான்.

சரி, எதை வைப்பது, எதை விடுவது

இந்த ஒரு குத்துக்கு மூன்றையும் வைத்துப் பார்த்தாயிற்று. 20-ல் ஸ்மியர், 21-ல் இம்பாக்ட், 22 முதல் 24 வரை அமுங்கிய முகத்தைப் பிடித்து வைத்து, அதே நேரம் ஷேக் தொடக்கம், 25-லிருந்து தலை பறக்கிறது. அந்த மூன்று ஃபிரேம் பிடிப்புதான் கேம் செய்பவர்கள் ஹிட் ஸ்டாப் என்று சொல்வது. உருவம் உறைந்து நிற்க, உலகம் மட்டும் ஆடுகிறது.

இதில் ஒன்றை விடச் சொன்னால் நான் முதலில் விடுவது இம்பாக்ட் ஃபிரேம். காரணம், இந்தக் குத்தில் எப்போது விழுந்தது என்ற குழப்பம் இல்லை. நான்கு ஃபிரேம் பின்வாங்கி நின்றதும், தொடும் படத்தைத் தூக்கியதும், மூன்று ஃபிரேம் பிடிப்பும் அந்த நொடியை ஏற்கெனவே தெளிவாக்கிவிட்டன. இரண்டு வாள்கள் நடுவானில் மோதும் காட்சி என்றால் தலைகீழ். அங்கே இரண்டு மெல்லிய கோடுகள் குறுக்கே போகும்போது எங்கே மோதின என்பதே கண்ணில் படாது, இம்பாக்ட் ஃபிரேம்தான் உயிர். ஷேக் தேவையே இல்லை, ஏனென்றால் வாள் மோதி உலகம் அதிராது. பெரிய தூண் மெதுவாகச் சாய்ந்து தரையில் விழுந்தால் ஷேக் மட்டும் போதும். அதற்கு ஸ்மியர் போட்டால் கனமே போய்விடும், கனமான பொருள் அவ்வளவு வேகமாக நகராது என்று கண்ணுக்குத் தெரியும்.

நேரம் குறைவாக இருந்து ஒன்றுதான் முடியும் என்றால் குத்துக்கும் உதைக்கும் நான் ஸ்மியரைத்தான் எடுப்பேன். ஷேக்கை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம், எடுக்கலாம். ஸ்பேஸிங்கில் உள்ள ஓட்டை மட்டும் வரைந்தால்தான் அடைபடும்.

வரிசையாக நான்கு குத்து ஒரே விநாடிக்குள் வந்தால் கணக்கு மாறிவிடுகிறது. ஒரு குத்துக்கு ஆறு ஃபிரேம்தான். பன்னிரண்டு ஃபிரேம் ஷேக் போட்டால் முதல் குத்தின் ஆட்டம் அடங்குவதற்குள் இரண்டாவது விழுந்துவிடும், எல்லாம் சேர்ந்து ஒரே நடுக்கமாகத் தெரியும். நான்குக்கும் இம்பாக்ட் போட்டால் விநாடிக்கு நான்கு மின்னல், வரம்பைத் தாண்டிவிட்டோம். அதனால் முதல் மூன்றுக்கு ஸ்மியர் மட்டும். இங்கே ஒற்றை நீண்ட ஸ்மியரைவிட, ஒரே ஃபிரேமில் இரண்டு மூன்று முஷ்டிகளை அரைகுறையாக வரையும் முறை நன்றாக வேலை செய்யும், கைகள் மாறி மாறிப் போவது அதில் தெரியும். பிறகு எட்டு ஃபிரேம் ஓர் இடைவெளி, கை முழுவதும் பின்னால். அப்புறம் நான்காவதுக்கு மூன்றும்.

துரத்தலில் மோதினால்

துரத்தல் காட்சியில் இந்தத் தேர்வு எல்லாமே இடம் மாறும், கேமரா ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால். ஓடுபவன் திரையின் நடுவிலேயே இருக்கிறான், பேக்ரவுண்ட் ஃபிரேமுக்கு 40 பிக்சல் வீதம் இடப்பக்கம் ஓடுகிறது. அவன் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய் ஒரு சுவரில் மோதுகிறான். திரையைப் பொறுத்தவரை அவன் நகரவே இல்லை, அதனால் அவனுக்கு ஸ்மியர் போட இடைவெளி எதுவும் இல்லை. பக்கவாட்டு ஷேக்கும் எடுபடாது. 40 பிக்சல் ஓட்டத்தின் மேல் 24 பிக்சல் ஆட்டம் வைத்தால் அது ஓட்டத்தில் கரைந்து, ஏதோ பான் விக்கிப்போன மாதிரிதான் தெரியும்.

இங்கே நான் செய்வது கேமராவைத் தாமதமாக நிறுத்துவது. அவன் சுவரில் மோதிய ஃபிரேமிலிருந்து அவனும் சுவரும் உலகத்தில் நின்றுவிட்டார்கள். கேமரா மட்டும் அடுத்த ஃபிரேமில் 26 பிக்சல், அதற்கடுத்து 12 பிக்சல் முன்னால் போய்விட்டு, பிறகு மூன்று நான்கு ஃபிரேமில் திரும்பி வருகிறது. திரையில் பார்த்தால் அவனும் சுவரும் சேர்ந்து 38 பிக்சல் இடப்பக்கம் தள்ளப்பட்டு மீண்டும் நடுவுக்கு வருவார்கள். கூடவே மேலும் கீழுமாக மட்டும் 12 பிக்சல் ஷேக், பான் போகும் திசைக்குக் குறுக்கே இருப்பதால் அது தெளிவாகத் தெரியும். கேமரா தாண்டிப்போகும் பக்கம், அதாவது சுவருக்கு அந்தப் பக்கம், பேக்ரவுண்ட் அந்த 38 பிக்சலுக்கும் சேர்த்து வரையப்பட்டிருக்க வேண்டும். சுவரோடு படம் முடிந்துவிட்டால் மோதிய இரண்டாவது ஃபிரேமிலேயே வலது ஓரத்தில் ஒரு வெறும் பட்டை எட்டிப் பார்க்கும். ஓட்டிப் பார்க்கும்போது இது எளிதில் தப்பிவிடும், அதனால் மோதலுக்குப் பிந்தைய ஆறு ஃபிரேமையும் ஒவ்வொன்றாக நிறுத்தி நான்கு ஓரங்களையும் பார்த்துவிடுங்கள்.